பாதி மலையில் இறங்கியவர்கள்

செத்துப்போன மீனாட்சியை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று ஆசிர் ஒற்றைக் காலில் நின்றான்.

"ஆஸ்பத்திரியில ஆள் மாறிப் போச்சுன்னு வெச்சுக்கலாமுங்க அக்கா. செல்லப்பன் ஜீப்புல ஏத்திட்டு வந்தது வேற யாரோ ஒரு பொம்பள. மூஞ்சிய மூடியிருந்ததுல அவனுக்குத் தெரியல. கடைசிப் பாகத்துல மீனாட்சி பஸ்ல வந்து எறங்கறா. எப்படி?"

"மூஞ்சியத் தொறந்து பாத்துட்டானே சாமி," என்றாள் கனகா. "போன பாகத்துலதான பாதி மலையில வண்டிய நிறுத்திப் பாக்கறான். ஊருக்கே சொல்லியாச்சே."

"பனிமூட்டம்னு சொல்லிக்கலாம்."

"கட்டுன பொண்டாட்டி மூஞ்சி தெரியாத அளவுக்கா பனி? நம்ம மலைக்கே கெட்ட பேரு தம்பி அது."

வழக்கமாக இப்படி ஒரு பேச்சு வந்தால் வெண்ணிலா விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்றைக்கு மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்றதும்தான் இது வெறும் தமாசில்லை என்று கனகாவுக்குப் பட்டது.

மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில், மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அறை. நாலு சுவரிலும் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டு, சன்னலைக் கம்பளியால் அடைத்து, நடுவில் ஒரு மைக்கை நிறுத்தியிருந்தார்கள். ‘குளிருக்கு ஒரு கதை’ என்ற யூட்யூப் சேனலுக்கு அதுதான் ஸ்டுடியோ, அதுதான் ஆபீஸ், மழை பிடித்துக்கொண்டால் அதுதான் சாப்பாட்டு அறை. சேனல் ஆசிருடையது. பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, கதைக்குப் படம் போடுவது, கீழே இறங்கி டீ வாங்கி வருவது எல்லாம் அவனே. கதை எழுதுவதும் சொல்வதும் கனகா. எஸ்டேட் நாற்றங்காலில் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவள், ஐம்பது வயதுக்கு மேல் செல்போனில் தமிழ் தட்டப் பழகிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டத் தட்ட வந்துவிட்டது.

இப்போது போய்க்கொண்டிருந்த தொடர் செல்லப்பன் என்ற ஜீப்காரனின் கதை. பத்துப் பாகத்தில் ஒன்பது வெளிவந்துவிட்டது. ஒன்பதாவதில், சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோன மனைவி மீனாட்சியைத் தன் ஜீப்பிலேயே படுக்க வைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவளோடு பேசிக்கொண்டே செல்லப்பன் மலையேறி வருகிறான். பத்தாவதில், அவள் இல்லாத வீட்டில் அவன் முதல்முதலாக அடுப்புப் பற்ற வைக்கிறான். அதை எழுதி முடித்துக் கொண்டுவந்திருந்தாள் கனகா. இன்றைக்குப் பதிவு.

அதைத்தான் மாற்றச் சொல்கிறான் ஆசிர்.

"நான் சொன்னா அக்கா தமாசுங்கறாங்க," என்றான் அவன். "நீயே காட்டு வெண்ணிலா."

வெண்ணிலா சேலத்தில் புள்ளியியல் படித்தவள். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறாள். கனகாவின் கதைகள் மேல் உள்ள பிரியத்தில் இந்தச் சேனலுக்கும் சும்மா கணக்குப் பார்த்துக் கொடுப்பாள். அவள் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"இந்த நீலக் கோடு, கேக்கறவங்க எத்தனை பேரு கூட இருக்காங்கன்னு காட்டறதுங்க அக்கா. மொதல்ல நூறு பேருன்னு வெச்சுக்கோங்க. ஆரம்பத்துலயே கொஞ்சப் பேரு போயிருவாங்க, அது எல்லா வீடியோவுலயும் நடக்கறது. அப்பறம் பாருங்க, மெதுவா சரிஞ்சு வருது. முழு வீடியோவையும் நூறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுலயும் எத்தனை பேருன்னு யூட்யூபே குடுக்குது."

"சரி. செவப்பு?"

"அது உங்க கதைங்க. நீங்க அனுப்புன ஸ்கிரிப்டை வாக்கியம் வாக்கியமாப் பிரிச்சு ஒரு புரோகிராமுக்குக் குடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது மார்க் போடும். சந்தோசமான வாக்கியம்னா ஒண்ணு வரைக்கும் மேல போகும். சோகமோ கோவமோ இருந்தா மைனஸ் ஒண்ணு வரைக்கும் கீழ போகும். ரெண்டுமில்லாம ‘செல்லப்பன் கியரை மாத்தினான்’னு இருந்தா, நடுவுல சைபர்கிட்ட நிக்கும். அந்த மார்க்கையெல்லாம் கோடாக்கி நீலத்து மேல வெச்சேன்."

கனகா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். கோட்டின் மேல் அம்புக்குறியை வைத்தால் அந்த இடத்து வாக்கியம் ஒரு சின்னக் கட்டத்தில் எழும்பி வந்தது. ‘அடிப் பாவி, எந்திரிடி, ஊடு வருது’ என்று செல்லப்பன் சொல்கிற இடத்துக்கு மெஷின் மைனஸ் பூச்சியம் புள்ளி எட்டு போட்டிருந்தது.

"இது கொஞ்சறதாச்சே," என்றாள்.

"மெஷினுக்கு அது வையறதுங்க. ‘சிரிச்ச மாதிரியே படுத்திருந்தா’ன்னு ஒரு வாக்கியம் வருதில்லீங்களா, அதுக்குப் போயி நல்ல மார்க் போட்டிருக்கு. ஒத்த வாக்கியத்தை நம்ப முடியாதுங்க. பக்கத்துப் பக்கத்து வாக்கியத்தையெல்லாம் சேத்துச் சராசரி எடுத்தாத்தான் போக்கு தெரியும்." வெண்ணிலாவின் விரல் திரையின் நடுவுக்குப் போனது. "போக்கு இங்க பாருங்க."

பார்க்காமல் இருக்க முடியாது. பாதி வழியில் சிவப்புக் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. அதே இடத்தில் நீலக் கோடும் விழுந்திருந்தது. ஒன்றின் மடியில் ஒன்று படுத்த மாதிரி இரண்டு பள்ளம்.

"அம்பத்தெட்டுல போயிட்டிருந்தது நாப்பத்தொண்ணுக்கு எறங்கிருச்சுங்க," என்றான் ஆசிர். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "செல்லப்பன் வண்டிய நிறுத்தித் துணிய வெலக்கிப் பாக்கற எடம் அக்கா. சரியா அதே எடம். சோகம் வந்தா ஓடறாங்க. கடைசிப் பாகம் பூராச் சோகமா இருந்தா ஒருத்தனும் நிக்க மாட்டான். இத்தனை மாசம் பாடுபட்ட தொடருங்க இது. அதனாலதான் சொல்றேன், அவளக் கொண்டாந்துருவோம்."

கனகா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருசன் தனபால் எஸ்டேட்டில் ஆள் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். சேலத்தில்தான் இறந்துபோனார். ஆம்புலன்சில் அவரோடு மலையேறி வந்தது அவள் ஒருத்திதான். டிரைவர் முன்னால் இருந்தார், பாவம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு புருசன் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள் கனகா. என்ன பேசினாள் என்று பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. ஆம்பளையைப் பொம்பளையாக்கி, ஆம்புலன்சை ஜீப்பாக்கி, செல்லப்பன் வாயில் போட்டு முதல்முறையாக இந்த ஒன்பதாம் பாகத்தில்தான் அதைச் சொன்னாள். சொல்லி முடித்த அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை ஆயிரம் பேர் கூட உட்கார்ந்து மேலே வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வரவில்லையாம். பாதி மலையில் இறங்கிக்கொண்டார்களாம்.

"ஏன் கண்ணு," என்றாள் மெதுவாக, "கீழ போன கோடு திரும்ப மேல வருதே. போனவங்க திரும்பி வந்துட்டாங்களா?"

வெண்ணிலா உதட்டைக் கடித்தாள். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது போல இருந்தது அவள் முகம்.

"போனவங்க வரமாட்டாங்க அக்கா. போனாப் போனதுதான், கோடு கீழயே நின்னுரும். இப்பிடிப் பள்ளம் விழுந்து திரும்ப ஏறுதுன்னா, அந்த எடத்தை மட்டும் தாண்டிக் குதிச்சிருக்காங்க. வெரல்ல தட்டித் தள்ளி விட்டுட்டு அடுத்த எடத்துல வந்து சேந்துக்கறாங்க."

அது இன்னும் மோசமாக இருந்தது. இறங்கிப் போனவனுக்கு வீட்டில் அடுப்பில் என்னவோ கருகியிருக்கலாம், குழந்தை அழுதிருக்கலாம். இவர்கள் அப்படியில்லை. செல்லப்பன் துணியை விலக்குகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் மூடியதும் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நாந்தான் சரியாச் சொல்லலியோ என்னமோ," என்றாள் கனகா. "எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. படிக்கறப்ப தொண்ட அடச்சுது, அதுல எங்கியாவது ஒளறிட்டனோ? அந்த எடத்தப் போடு கண்ணு, காதுல கேக்கறேன்."

"வேண்டாமுங்க அக்கா, எதுக்கு?" என்றான் ஆசிர். "மனசு இன்னும் கஷ்டமாயிரும்."

"ஆளக் கொன்னுட்டேன், இப்பப் பொழைக்க வெக்கவுஞ் சொல்றீங்க. எம் பேச்ச நான் கேக்கக் கூடாதா? போடு."

வெண்ணிலா வீடியோவைத் திறந்தாள். பள்ளத்தின் அடிவயிறு எந்த நிமிடம் என்று கோட்டில் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டரை நிமிடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கனகா கண்ணை மூடிக்கொண்டாள்.

மெத்தை கட்டிய அறையில் அவள் குரலே கணீரென்று வந்தது.

"...கிளியூர் அத்தாயி, அத்தாயி கூடக் காப்பிப் பழம் பறிக்கற அத்தனை பேரு, நல்லா இருக்கீங்களா சாமி? வாழப்பாடி காளியண்ணன் ஐயா, மூட்டுவலி கொறஞ்சுதுங்களா? துபாயில இருக்கற கோபி கண்ணு, ஒழுங்காச் சாப்பிடு..."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது பேரு சொல்ற எடமாச்சே," என்றாள் கனகா.

தொடரின் முதல் பாகத்திலிருந்தே இருக்கிற பழக்கம் அது. பாதிக் கதை ஆனதும், "கொஞ்சம் இளைப்பாறிக்கலாமுங்க" என்று சொல்லிக் கதையை நிறுத்திவிடுவாள். முந்தைய பாகத்துக்குக் கருத்து எழுதியவர்களின் பேரைச் செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லி நலம் விசாரிப்பாள். இரண்டு நிமிடம் ஆகும். எழுதி வைப்பதில்லை. பதிவு செய்கிற அன்றைக்கு என்னென்ன பேர் வந்திருக்கிறதோ அதுதான்.

வெண்ணிலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ. ஸ்கிரிப்டுல இது இல்லவே இல்லீங்களே."

"அதெப்படி இருக்கும்? அன்னன்னிக்கிப் பாத்துச் சொல்றது."

"அதைத்தான் சொல்றனுங்க அக்கா. ஸ்கிரிப்டுல நேரம் கெடையாதில்லீங்களா, எந்த வாக்கியம் எந்த நிமிசத்துல வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொத்தம் இருபத்தெட்டு நிமிச வீடியோ. வாக்கியத்தோட நீளத்துக்குத் தக்கன இருபத்தெட்டையும் பங்கு போட்டுட்டேன். நீங்க பேரு சொன்ன ரெண்டு நிமிசத்தையும் சேத்துக் கதைக்கே பங்கு குடுத்துட்டேன். அதனால பேரு ஓடிட்டிருக்கற எடத்து மேல செல்லப்பனக் கொண்டுபோயி உக்கார வெச்சிருக்கேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பேரு முடிஞ்சு, அதுக்கப்பறந்தான் அவன் துணிய வெலக்கறதே."

"நீயுந்தான கண்ணு கதை கேக்கற? நடுவுல பேரு வரும்னு தெரியாதா?"

வெண்ணிலாவின் காது மடல் சிவந்தது.

"நான்... தள்ளி விட்ருவனுங்க அக்கா."

"என்னது?"

"பேரு வந்தா நாலு தட்டுத் தட்டித் தள்ளி விட்டுட்டுக் கதைக்குப் போயிருவேன். கோவிச்சுக்காதீங்க. கதை அவ்வளவு அவசரம்."

கனகா ஆசிர் பக்கம் திரும்பினாள். "நீ வெட்டி ஒட்டறவனாச்சே. உனக்குமா தெரியல?"

ஆசிர் மெத்தைச் சுவரைப் பார்த்துப் பேசினான். "அந்த எடத்துக்கு ஏரிப் படத்த ஒட்டி விட்டுட்டு நான் டீக்குப் போயிருவனுங்க. அதுல வெட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"நல்லாருக்கு! நான் பாட்டுக்கு ஊரு ஊராப் போயி நலம் விசாரிக்கறேன், ஒருத்தி தட்டி விடறா, ஒருத்தன் டீக் குடிக்கப் போறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆசிர் அதற்குள் எழுந்து குதிக்கப் போனதும் வெண்ணிலா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருங்கண்ணா. பள்ளம் பேருனாலதான்னு தெரிஞ்சுது. செல்லப்பன் எடத்துல ஒண்ணுமில்லைன்னு இன்னும் தெரியல. பேருகிட்டப் போனவங்க போக, அங்கயும் தனியாக் கொஞ்சப் பேரு போயிருக்கலாமில்ல? வாக்கியத்தையெல்லாம் அதது எடத்துல வெச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஒரு தடவ அவசரப்பட்டது போதும்."

வீடியோவின் ஒலியை எடுத்து வேறொரு புரோகிராமில் போட்டாள். பேசியதையெல்லாம் எழுத்தாக்கி, ஒவ்வொரு வார்த்தையும் எந்த நொடியில் தொடங்கியது என்றும் அது குறித்துக் கொடுக்குமாம். அதை வைத்து ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அது உண்மையாகவே ஒலித்த நேரத்தில் பொருத்திவிடலாம். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. அந்தப் பழைய லேப்டாப் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது.

ஆசிர் டீ வாங்கக் கீழே போனான். கனகா கம்பளியை விலக்கிச் சன்னலைத் திறந்தாள். வெளியே பனி இறங்கி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகை பாதிதான் தெரிந்தது. வாழ்நாளில் எத்தனையோ விஷயத்துக்குக் காத்திருந்தாயிற்று. ஒரு கோடு எங்கே போகிறது என்று பார்க்க இப்படிக் காத்திருப்பாள் என்று யார் நினைத்தார்கள்?

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது.

"அக்கா, நாந்தான், கிளியூர் அத்தாயி."

"சொல்லு கண்ணு. இப்பத்தான் உம் பேரக் கேட்டேன்."

"எம் பேரா? யாரு சொன்னாங்க?"

"நாந்தான் சொன்னேன். அத உடு. என்ன சேதி?"

"பத்தாம் பாகத்துலயும் எங்க பேரு வருமான்னு எல்லாரும் கேக்கச் சொன்னாங்க. கலா பேரு ஒரு தடவகூட வரலன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறா."

கனகா சற்றுத் தயங்கினாள். கேட்டுவிட்டாள். "அத்தாயி, நெசத்தச் சொல்லு. நான் பேரு சொல்றப்ப நீங்கெல்லாம் தள்ளி உட்ருவீங்களா?"

"எங்கீங்க தள்றது? கையெல்லாம் பழப் பிசுக்கு. போன மரத்துல மாட்டி வெச்சா மாட்டி வெச்சதுதான். நீங்க என்ன சொன்னாலும் கேக்கறதுதான்."

எதிர்முனையில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. கனகாவும் சிரித்தாள்.

"போன பாகம் எப்படி இருந்துச்சு?"

சிரிப்பு நின்றது. அத்தாயி குரல் மாறியது. "அன்னிக்கி எவளும் பேசலீங்க அக்கா. அந்தத் துணிய வெலக்கிப் பாக்கறான் பாருங்க, அப்ப ஒருத்தி கையும் ஓடல. கூடையெல்லாம் அரையும் கொறையுமாப் போச்சு. எங்க ரைட்டரு வந்து கத்து கத்துன்னு கத்துனாரு. கத்தட்டும்னு உட்டுட்டோம்."

போனை வைத்த பிறகு, கேட்டதை வெண்ணிலாவிடம் சொன்னாள் கனகா. வெண்ணிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் தலையை ஆட்டினாள். "அவங்களால தள்ள முடியாதில்லீங்களா அக்கா, அவங்கள வெச்சு மத்தவங்களச் சொல்ல முடியாது. இருங்க, முடியப் போவுது."

கிளியூர் மட்டும் கூட வந்திருக்கிறது, அதுவும் கைப் பிசுக்கால். மற்றவர்கள்? கனகா முக்காலியில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். அன்றைக்கு ஆம்புலன்சில் தனபால் தலையைப் பிடித்திருந்த கைகள் அவை.

ஆசிர் டீயோடும் சூடான மிளகாய் பஜ்ஜியோடும் ஏறி வந்தபோது லேப்டாப்பின் அரவை நின்றிருந்தது. யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

வெண்ணிலா முதலில் பெயர் சொல்கிற இரண்டு நிமிடத்தைச் சாம்பல் நிறத்தில் அடைத்தாள். பதினொன்றரையில் தொடங்கி பதின்மூன்றரையில் முடிந்தது. நீலப் பள்ளம் அந்தச் சாம்பலுக்குள், பெட்டிக்குள் வைத்த மாதிரி அடங்கிவிட்டது. பிறகு சிவப்புக் கோட்டை, ஒவ்வொரு வாக்கியத்தையும் அதனதன் நேரத்தில் பொருத்தித் திரும்ப விரித்தாள். சிவப்புப் பள்ளம் அப்படியே பிளந்து, பாதி சாம்பலுக்கு இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக நகர்ந்து போனது. துணியை விலக்குகிற இடம் அந்தப் பக்கத்தில் விழுந்தது.

"இப்ப நீலத்தப் பாருங்க அக்கா."

கனகா பார்த்தாள். பெயர்கள் முடிகிற இடத்தில் நீலக் கோடு மறுபடி மேலேறி ஐம்பத்தாறில் வந்து நின்றது. அதற்குப் பிறகு செல்லப்பன் வண்டியை நிறுத்துகிறான். இறங்குகிறான். பின்பக்கம் போகிறான். துணியை விலக்குகிறான். ‘அடிப் பாவி, எந்திரிடி’ என்கிறான். சிவப்புக் கோடு அதல பாதாளத்தில் கிடந்தது. மேலே நீலக் கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

"சரியவே இல்ல," என்றாள் வெண்ணிலா. "வேற எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சரிஞ்சுட்டேதான் வருது. இந்த மூணு நிமிசத்துல மட்டும் படுத்த மாதிரிப் போகுது. அப்பிடின்னா என்ன அர்த்தம் தெரியுங்களா? வந்து சேந்தவங்க ஒருத்தர்கூட எறங்கலன்னே சொல்லலாம். வீடியோ பூராவும் தேடினாலும் இவ்வளவு சரியாம நிக்கற எடம் இல்லீங்க அக்கா."

ஆசிர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கர்த்தரே," என்றான். "நான் அந்தம்மாவ பஸ்ல ஏத்தி அனுப்பிச்சிருப்பனே."

அடித்துப்பிடித்துக்கொண்டு வெண்ணிலா மற்ற பாகங்களின் கோட்டையும் எடுத்துப் போட்டாள். நாலாம் பாகத்தில் செல்லப்பனுக்கும் மீனாட்சிக்கும் கல்யாணம், பாதியில் பந்தி நடக்கிறது. அங்கேயும் நடுவில் அதே பள்ளம். ஆறாம் பாகத்தில் குழந்தைக்குக் காது குத்தி எல்லாரும் சிரிக்கிறார்கள். அங்கேயும் அதே பள்ளம். பந்திக்கும் காதுகுத்துக்கும் யார் ஓடப் போகிறார்கள்? எல்லாம் பேர் சொல்கிறபோது வரும் ஏரிப் படத்தைக் கண்டுதான் ஓடியிருக்கிறார்கள்.

கனகா எழுந்துபோய் மைக்கின் பின்னால் நின்றுகொண்டாள். அந்த இடத்தில் வெளிச்சம் குறைவு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அத்தனை பேரும் வண்டிக்குள்தான் இருந்திருக்கிறார்கள். வாயைத் திறக்காமல், ஆடாமல் அசையாமல் கூட வந்திருக்கிறார்கள்.

"அக்கா, பஜ்ஜி ஆறிப் போவுது," என்றான் ஆசிர், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"கொண்டா," என்று வந்து உட்கார்ந்து, ஒன்றுக்கு இரண்டாகத் தின்றாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆனா ஒண்ணுங்க," என்று மெதுவாக ஆரம்பித்தான் ஆசிர், "அந்தப் பேரு..."

"தெரியுது, தெரியுது. எம் பேச்சக் கேக்காம ஓடறாங்க. மீனாட்சிக்கு ஓடல, எனக்கு ஓடறாங்க."

"அப்படியில்லீங்க அக்கா," என்றாள் வெண்ணிலா. "பேரு வந்தவங்க திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பாங்க. நானே ஒரு தடவ எம் பேரு வந்தப்ப அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன். அது சின்னக் கூட்டம், இத்தனை ஆயிரத்துல கோட்டுக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

கனகா யோசித்தாள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. கதை கேட்க வந்தவனைப் பாதி வளைவில் நிறுத்தி, யாருக்கோ மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தால் அவன் என்ன செய்வான்? அதுவும் பின்னால் ஒருத்தி செத்துக் கிடக்கும்போது. ஒன்பதாம் பாகத்தில் அப்படி நிறுத்தியிருக்கவே கூடாது. இப்போது யோசித்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"பேரக் கடைசியில வெச்சுக்கலாம்," என்றாள். "கதைய முடிச்சு, ஊடு வந்து சேந்தப்பறம் சொல்றேன். அவசரமா இருக்கறவங்க எறங்கிப் போகட்டும். இருக்கறவங்க இருந்து கேக்கட்டும்."

"கடைசியில சொன்னா நொம்பப் பேரு கேக்க மாட்டாங்களேக்கா?"

"கிளியூர்க்காரிங்க கேப்பாளுங்க. கை பிசுக்கு."

வெண்ணிலா அப்போதுதான் சிரித்தாள். வழக்கமான சிரிப்பு, விழுந்து விழுந்து.

ஆசிர் சன்னலைச் சாத்திக் கம்பளியை இழுத்துவிட்டான். கனகா மைக்கின் முன்னால் உட்கார்ந்து, செல்போனில் பத்தாம் பாகத்தைத் திறந்தாள். எழுதியபடியே இருந்தது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. செல்லப்பன் கதவைத் திறந்தான். லைட்டைப் போட்டான். அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீனாட்சி தீப்பெட்டியை எங்கே வைப்பாள் என்று தேட ஆரம்பித்தான்.

பாதிக் கதை வந்தபோது அவள் வாய், பழக்க தோஷத்தில், "கொஞ்சம்..." என்று தொடங்கிவிட்டது. மைக்குக்கு அப்பால் வெண்ணிலா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். ஆசிர் டீக் கிளாசைத் தேடி எழுந்தவன் அப்படியே நின்றான்.

"...கொஞ்சம் எண்ணெய் மட்டும் இருந்துச்சு, விளக்குல," என்று சமாளித்துக்கொண்டு மேலே போனாள் கனகா. எழுதியதில் இல்லாத விளக்கு அது. பரவாயில்லை, அவன் வீட்டில் ஒரு விளக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

தீப்பெட்டி கிடைத்தது. அடுப்புப் பற்றியது. உலையில் அரிசி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு செல்லப்பன் தனியாக உட்கார்ந்திருந்தான். கதை முடிந்தது.

கனகா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"வந்து சேந்துட்டமுங்க," என்றாள் மைக்கிடம். "கூடவே வந்ததுக்கு நொம்பச் சந்தோசம். அவசரம்னா எறங்கிக்கோங்க, தப்பில்ல. இருக்கறவங்களுக்கு இப்பப் பேரு சொல்றேன். மொதல்ல, கிளியூர் கலா. சாமி, கூடை நெரம்புச்சா?"